ஆடிட்டர் ஆபீஸின் பாக்கிக் கடிதம்: மூன்று முறை திருத்தி எழுதியதில் தெரிந்தவை

2023 அக்டோபரில் நாங்கள் போட்ட பில்களில் 52 பில்லுக்கு 2024 பிப்ரவரி வரை பணம் வரவில்லை. எல்லாம் ஆண்டுக் கணக்கு முடித்து, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுத்த வேலை. மொத்தம் 9 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். மதுரையில் இரண்டு பங்குதாரர்கள் நடத்தும் சின்ன ஆடிட்டர் அலுவலகத்துக்கு இது பெரிய தொகை. பார்ட்டிகள் எல்லாரும் சிறு வியாபாரிகள்தான்: விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை, கீழமாசி வீதியில் மளிகை மொத்தக்கடை, கப்பலூரிலும் கே.புதூரிலும் பட்டறை. ஒருவர்கூட ஏமாற்றுகிறவர் இல்லை. கேட்டால் "தர்றேன் சார்" என்பார்கள், பணம் மட்டும் வராது. அந்தத் தொகையில் ஏறக்குறைய 1 லட்சத்து 46 ஆயிரம் ஜிஎஸ்டி. அதை நாங்கள் கையிலிருந்து கட்டி முடித்திருந்தோம். பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் வரி கட்டியாக வேண்டும், பார்ட்டி பணம் கொடுத்தாரா என்பது அந்தக் கணக்கில் வராது. அந்த மார்ச் மாதச் சம்பளத்துக்கு நகையை அடகு வைத்தோம். மற்றவர்களுக்கு மாதாமாதம் கணக்குப் பார்த்துச் சொல்கிற அலுவலகத்தில் இப்படி ஆனது வெட்கமாக இருந்தது, வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாராவது அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லி, கோளாறு அதில்தான் என்று எடுத்துக் கொடுத்திருப்பார்கள்.

பணம் வந்த பிறகு பில் போட்டால் இந்தச் சிக்கலே இல்லையே, அதுவரை புரோஃபார்மா கொடுத்து வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். வேலை முடிந்த 30 நாளுக்குள் பில் போட வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. தாக்கல் செய்த தேதி அரசாங்க ஒப்புகையிலேயே இருக்கிறது, அதனால் வேலை எப்போது முடிந்தது என்பதில் மழுப்ப முடியாது. அந்த வழியை நாங்கள் யோசித்த அன்றே விட்டுவிட்டோம்.

எங்கள் பழைய நினைவூட்டல் பத்து வருஷமாக அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்த ஒரு ஆங்கிலக் கடிதம். பெயரும் தொகையும் மட்டும் மாறும். எங்கள் பதிவேட்டின்படி இவ்வளவு ரூபாய் நிலுவையில் இருக்கிறது, கூடிய சீக்கிரம் செலுத்த ஏற்பாடு செய்யவும், ஏற்கெனவே செலுத்தியிருந்தால் இதைப் பொருட்படுத்த வேண்டாம், தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. அவ்வளவுதான் அதன் சாரம். பிப்ரவரியில் அதை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தபோதுதான், இதை வாங்குகிறவர் என்ன செய்ய முடியும் என்று முதல்முறையாக யோசித்தோம். எந்த வேலைக்கு இந்தத் தொகை என்று அதில் இல்லை. எந்தத் தேதிக்குள் என்று இல்லை. "கூடிய சீக்கிரம்" என்பது கடைக்காரர் தன் சரக்குப் பார்ட்டிகளிடம் தினமும் சொல்கிற வார்த்தை, அதற்கு என்ன பொருள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதைவிடக் கெடுதல் செய்தது, செலுத்தியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம் என்ற வரி. பணம் வந்ததா இல்லையா என்று எங்களுக்கே உறுதியாகத் தெரியாது என்று அந்த வரி சொல்லிவிடுகிறது. மற்றவர் கணக்கைப் பார்க்கிற அலுவலகம் தன் வரவைப் பார்க்காமல் கடிதம் அனுப்புகிறது என்றால், அதை யார் மதிப்பார்கள்? பாக்கி வைத்தவர்களே இது எல்லாருக்கும் போகிற கடிதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த வரியை எடுத்துவிட்டு, அனுப்புகிற அன்று காலையில் வங்கிக் கணக்கைப் பார்த்த பிறகே அனுப்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றை மட்டும் செய்தாலே கடிதத்துக்குக் கனம் கூடிவிடும்.

நாங்கள் உடனே அதைச் செய்யவில்லை. நகை அடகுக்குப் போன வேகத்தில் இரண்டாவது கடிதத்தைக் கோபத்தில் எழுதினோம். ஏழு நாளில் பாக்கி வரவில்லை என்றால் மாதாந்திர ஜிஎஸ்டி தாக்கல் உள்பட எல்லா வேலையும் நிறுத்தப்படும் என்று 52 பேருக்கும் ஒரே நாளில் வாட்ஸ்அப்பில் போனது. கொஞ்சம் பணம் வந்தது உண்மை. ஆனால் வந்தது, எப்படியும் மார்ச்சுக்குள் தந்திருக்கக்கூடியவர்களிடமிருந்து. ஆறு பார்ட்டிகள் கோப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், அவர்களில் இரண்டு பேர் பன்னிரண்டு வருஷப் பழக்கம். ஒரு கடையில் அந்தச் செய்தி கடையின் பொது எண்ணுக்குப் போய், வேலையாட்களும் தம்பியும் படித்திருக்கிறார்கள். முதலாளி நேரில் வந்து, "பாக்கி இருக்குன்னு என்கிட்ட சொல்லுங்க, கடைக்கே ஏன் சொல்றீங்க?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. போன ஆறு பேரின் ஆண்டுக் கட்டணம் மட்டும் சேர்த்தால் 1 லட்சத்து 30 ஆயிரம் வரும். அதோடு, மிரட்டியபடி ஜிஎஸ்டி தாக்கலை நிறுத்தவும் எங்களால் முடியாது. கடைசி நாளில் நிறுத்தினால் தாமதக் கட்டணம் பார்ட்டி தலையில் விழும், அதற்குக் காரணம் நாங்கள் என்று ஆகும், ஃபீஸ் தகராறு தொழில் தகராறாக மாறிவிடும். செய்ய முடியாத மிரட்டலைக் கடிதத்தில் எழுதினால், அடுத்த கடிதத்தில் உண்மையைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

அதன் பிறகுதான் உட்கார்ந்து பாக்கிக் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது ஏன் நிற்கிறது என்று பார்த்தோம். கணக்குப்பிள்ளையிடம் பேசினோம், முடிந்த இடத்தில் முதலாளியிடமே கேட்டோம். பாதிக்கு மேல் நின்றதற்குக் காரணம் பணமில்லாமை அல்ல. பில் புரியாமல் நின்றவை ஒரு பங்கு. டிடிஎஸ் பிடிக்க வேண்டுமா என்ற குழப்பத்தில் கணக்குப்பிள்ளை மேசையில் நின்றவை இன்னொரு பங்கு. பழைய சின்னத் தகராறு ஒன்று புது பில்லோடு கூட்டப்பட்டதால் மொத்தமும் நின்றவை சில. பணம் உண்மையிலேயே சரக்கில் முடங்கியிருந்தவை பெரும்பாலும் ஜவுளிக்கடைகள். தரவே மனமில்லாதவர்கள் நான்கைந்து பேருக்கு மேல் இல்லை. நாங்கள் எழுதிய இரண்டு கடிதமும் அந்த நான்கைந்து பேரை மனதில் வைத்து எழுதியவை.

புதிய கடிதம் எப்படி வந்தது என்பதை ஒரு பார்ட்டியை வைத்தே சொல்கிறேன். விளக்குத்தூண் பக்கம் ரெடிமேட் மொத்த வியாபாரம், தனி உரிமையாளர். 2022-23இல் அவர் விற்பனை 1 கோடியே 90 லட்சம். 2 கோடிக்குள் இருந்ததால் 44ஏடி பிரிவின்படி உத்தேச லாபம் காட்டிக் கணக்குத் தாக்கல் செய்தோம், தணிக்கை கிடையாது, கட்டணம் 12,000 ரூபாய். 2023-24இல் விற்பனை 2 கோடியே 60 லட்சத்துக்குப் போனது. ரொக்க வரவு நூற்றுக்கு ஐந்துக்குள் இருந்தால் 3 கோடி வரை அதே பிரிவில் போகலாம், ஆனால் அவர் கடையில் ரொக்கம் அதைவிட மிக அதிகம். எனவே முதல்முறையாக வரித் தணிக்கை வந்தது, கட்டணம் 40,000 ஆனது. இதை அவரிடம் ஜூலையிலேயே வாயால் சொல்லியிருந்தோம். ஆனால் பில்லில் "தொழில்முறைக் கட்டணம்" என்ற ஒரே வரிதான் இருந்தது. பன்னிரண்டாயிரம் நாற்பதாயிரமாக ஏன் ஆனது என்று கேட்க அவருக்குச் சங்கடம், அதனால் பில்லை இழுப்பறையில் வைத்துவிட்டார். அதோடு 2023 ஜூலையில் ஒரு ஜிஎஸ்டி நோட்டீஸுக்குப் பதில் எழுதியதற்கு 6,000 ரூபாய் பில் போட்டிருந்தோம், வரியோடு 7,080. அது ஆண்டுக் கட்டணத்திலேயே அடங்கும் என்பது அவர் எண்ணம். பழைய வழக்கப்படி கடிதம் போயிருந்தால் 47,200ஐயும் 7,080ஐயும் கூட்டி 54,280 நிலுவை என்று போயிருக்கும். அதில் ஏழாயிரத்தை அவர் ஒப்புக்கொள்ளாததால் மீதி நாற்பத்தேழாயிரமும் நின்றிருக்கும்.

அவருக்கு 2024 நவம்பர் 6ஆம் தேதி அனுப்பிய செய்தி இது. தமிழில், அவருடைய சொந்த எண்ணுக்கு, பங்குதாரர் பெயரில்:

"வணக்கம் ஐயா. தங்கள் கடையின் 2023-24 வரித் தணிக்கை அறிக்கை அக்டோபர் 5 அன்றும், வருமான வரிக் கணக்கு அக்டோபர் 8 அன்றும் தாக்கல் ஆகிவிட்டன. இரண்டின் ஒப்புகைகளும் இத்துடன் உள்ளன. சென்ற ஆண்டு விற்பனை 2 கோடிக்குள் இருந்ததால் தணிக்கை தேவைப்படவில்லை. இந்த ஆண்டு அதைத் தாண்டியதால் தணிக்கை வேலை சேர்ந்தது. இந்த வேலைக்கான பில் எண் 118, தேதி 8.10.2024: கட்டணம் 40,000, ஜிஎஸ்டி 7,200, மொத்தம் 47,200 ரூபாய். இதில் 4,000 டிடிஎஸ் பிடித்துக்கொண்டு, 43,200 ரூபாயை நவம்பர் 20, புதன்கிழமைக்குள் பில்லில் அச்சிட்டுள்ள வங்கிக் கணக்கில் செலுத்தக் கேட்டுக்கொள்கிறோம். பில்லில் எந்த வரியிலாவது சந்தேகம் இருந்தாலும், வேறு தேதி வேண்டுமென்றாலும், நவம்பர் 13க்குள் என்னிடம் இதே எண்ணில் சொல்லுங்கள்."

கடிதம் வேலையில் தொடங்குகிறது, பணம் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஒப்புகை நகலை இணைத்தது அலங்காரத்துக்காக இல்லை. வங்கிக் கடன், ஓடி புதுப்பிப்பு என்று அந்தத் தாளை அவர் எப்படியும் தேடப்போகிறார். நினைவூட்டலிலேயே அது இருந்தால் அந்தச் செய்தியை அவர் அழிக்க மாட்டார், வங்கிக்கு அனுப்ப மறுபடி திறக்கும்போது பில்லும் கண்ணில் படும். கட்டணம் ஏன் கூடியது என்ற ஒரு வாக்கியம் அவர் கேட்கத் தயங்கிய கேள்விக்குப் பதில். கட்டணம் கூடிய ஆண்டில் இந்த வரி இல்லாமல் எந்த நினைவூட்டலும் போகக் கூடாது என்று அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். 2023 ஜூலையில் போட்ட பழைய பில்லைப் பற்றி இதில் ஒரு வார்த்தைகூட இல்லை. அது தனிச் செய்தியாகப் போனது. ஒரு செய்திக்கு ஒரு பில்தான்.

டிடிஎஸ் வரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், எங்களுக்கு அதிகச் சண்டை வந்தது அங்கேதான். ஆடிட்டர் கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ். ஜிஎஸ்டி பில்லில் தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதை விட்டுவிட்டு 40,000இல் மட்டும் பிடிக்க வேண்டும், 47,200இல் அல்ல. ஆண்டுக் கட்டணம் 30,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடிக்க வேண்டும் என்பது அப்போதைய வரம்பு, 2025 ஏப்ரலிலிருந்து அது 50,000 ஆனது. தனிநபர் வியாபாரியாக இருந்தால், முந்தின ஆண்டு விற்பனை 1 கோடியைத் தாண்டியிருந்தால்தான் பிடிக்கும் கடமை. இவருக்கு 2022-23 விற்பனை 1 கோடியே 90 லட்சம் என்பதால் 2023-24இலேயே கடமை உண்டு, ஆனால் எங்கள் கட்டணம் 30,000க்குள் இருந்ததால் அந்த ஆண்டு பிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஆக இந்த ஆண்டுதான் முதல்முறை. கணக்குப்பிள்ளைக்கு இது தெரியாது, தெரியவில்லை என்று ஆடிட்டரிடமே கேட்கத் தயக்கம். பழைய கடிதம் பில்லின் மொத்தத் தொகையை மட்டும் சொல்லும். பிடித்துக்கொண்டு 43,200 கட்டியவருக்குக்கூட 4,000 நிலுவை என்று மறுபடி கடிதம் போகும். ஒழுங்காகக் கட்டியவருக்கே பாக்கிக் கடிதம் போனால் அவர் எப்படிப் பொறுப்பார்? எனவே நாங்கள் இப்போது வரவு லெட்ஜரில் டிடிஎஸ் எதிர்பார்ப்பைத் தனியாக வைக்கிறோம். பார்ட்டி பிடித்த தொகை, எங்கள் பெயரில் கட்டிய டிடிஎஸ்ஸைக் காட்டும் 26ஏஎஸ் பட்டியலில் வந்துவிட்டதா என்று பார்ப்பது தனி வேலை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிடித்ததற்கான டிடிஎஸ் கணக்கை அவர் ஜனவரி 31க்குள் தாக்கல் செய்வார், பிப்ரவரியில் பார்த்தால் தெரியும். அங்கே வரவில்லை என்றால் அப்போது அதற்காக மட்டும் கேட்கலாம். அது பாக்கிக் கடிதமாகப் போகக் கூடாது, சலான் கட்டியாச்சா என்ற விசாரிப்பாகப் போக வேண்டும்.

தேதிக்கு வருவோம். தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கெடு செப்டம்பர் 30, அந்த ஆண்டு அக்டோபர் 7 வரை நீட்டினார்கள். தீபாவளி அக்டோபர் 31. ஜவுளிக்காரருக்கு நம் பில் போய்ச் சேர்கிற நேரத்தில்தான் கையில் இருக்கிற பணமெல்லாம் சரக்காக மாறி அலமாரியில் நிற்கும். அக்டோபரில் அனுப்பும் நினைவூட்டலை அவர் படிப்பதே கஷ்டம். தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில் சில்லறைக் கடைகளிலிருந்து வசூல் வரத் தொடங்கும், அதன் பிறகு அந்தப் பணம் சரக்கு வாங்கிய இடங்களுக்குப் போய்விடும். அந்த இடைவெளியில் நம் தேதி விழ வேண்டும். நவம்பர் 20 என்று வைத்ததற்கு அதுதான் காரணம். பில் தேதியிலிருந்து 45 நாள் என்று கணக்கிட்டால் நவம்பர் 22 வரும், ஆனால் அது வெள்ளிக்கிழமை. வெள்ளியும் செவ்வாயும் கையிலிருந்து பணம் கொடுக்காத கடைகள் இங்கே ஏராளம், விளக்கு வைத்த பிறகும் கொடுக்க மாட்டார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு வெள்ளிக்கிழமையைக் கெடுவாக வைத்தால், அவர் திங்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுவார், திங்கள் வேறு அவசரம் வரும். மளிகை மொத்தக்கடைக்கும் பட்டறைக்கும் பணம் வரும் போக்கு வேறு. பட்டறைகளில் அவர்களுக்கு வேலை கொடுக்கும் பெரிய கம்பெனி எந்த வாரம் பணம் போடுகிறது என்று கேட்டு, அதற்கு மூன்று நாள் கழித்துத் தேதி வைக்கிறோம்.

பணம் கட்டும் வழி பற்றி ஒரு வார்த்தை. முதலில் கட்டண இணைப்பு ஒன்றைச் செய்தியில் சேர்த்துப் பார்த்தோம். நிறையப் பேர் அதைத் தொடவே இல்லை. தெரிந்த பெயரில் தெரியாத இணைப்பு வந்தால் மோசடி என்று நினைக்கும் காலம் இது, அவர்கள் பயப்படுவதும் நியாயம்தான். பில்லில் அச்சிட்ட வங்கிக் கணக்கு என்று மட்டும் சொல்லி, பில்லையும் இணைத்துவிடுகிறோம்.

நவம்பர் 13க்குள் சொல்லுங்கள் என்ற கடைசி வரிக்கு எங்கள் அலுவலகத்திலேயே எதிர்ப்பு இருந்தது, வேறு தேதி கேட்க நாமே வழி காட்டுகிறோமே என்று. நடந்தது வேறு. நவம்பர் 9ஆம் தேதி அவரிடமிருந்து பதில் வந்தது: "சார், போன வருஷம் டிடிஎஸ் பிடிக்கலையே, இப்ப பிடிச்சா தப்பாகாதா?" இரண்டு வரியில் விளக்கினோம். நவம்பர் 18, திங்கள்கிழமை 43,200 வந்துவிட்டது. சந்தேகத்தை வெளியே கொண்டுவராத கடிதம் எத்தனை முறை போனாலும் அது கணக்குப்பிள்ளை மேசையில்தான் கிடக்கும். வேறு தேதி கேட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தாங்களே சொன்ன தேதியைப் பெரும்பாலும் தவறவிடுவதில்லை.

பழைய 7,080 ரூபாய்க்குத் தனிச் செய்தியில் நோட்டீஸின் நகலையும் எங்கள் பதிலின் நகலையும் அனுப்பி, இது ஆண்டுக் கட்டணத்தில் அடங்காத வேலை என்று நாங்கள் கருதுவது ஏன் என்று எழுதினோம். அவர் பாதி தருவதாகச் சொன்னார், ஒப்புக்கொண்டோம். ஆனால் பாதியை வாங்கிக்கொண்டு மீதியை லெட்ஜரில் தள்ளுபடி என்று எழுதிவிட்டால் கட்டிய ஜிஎஸ்டி போனது போனதுதான். 3,000 ரூபாய்க்கும் அதன் வரி 540க்கும் கிரெடிட் நோட் போட வேண்டும். 2023-24இல் போட்ட பில்லுக்கு வரியைக் குறைத்துக்கொள்ளும் கிரெடிட் நோட்டைக் காட்ட 2024 நவம்பர் 30 கடைசி, அவரும் அந்த பில்லுக்கு எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவைத் திருப்ப வேண்டும். தகராறில் இருக்கும் பழைய பில்களை நவம்பர் தொடக்கத்தில் எடுத்துப் பேசி முடிக்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். முந்தின ஆண்டுகளில் இப்படி விட்ட வரியைக் கூட்டிப் பார்க்கவே எங்களுக்கு மனம் வரவில்லை.

குறித்த தேதியில் வராவிட்டால் மறுநாளே மூன்று வரியில் இன்னொரு செய்தி போகும்: பில் எண், தொகை, நேற்றுவரை வரவில்லை, எந்த நாள் எதிர்பார்க்கலாம். புது விளக்கம் எதுவும் வேண்டாம். நான்கைந்து நாளில் பதில் இல்லை என்றால் பங்குதாரரே போன் செய்ய வேண்டும், அலுவலகத்தில் பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள் பிள்ளையை வைத்துப் பேச வைக்கக் கூடாது. பத்தொன்பது வயதுப் பிள்ளை கேட்டால் முதலாளி நாளைக்கு என்று சொல்லி வைத்துவிடுவார், அந்தப் பிள்ளைக்கும் அது வேதனை. பேசி முடித்ததும், "இன்று பேசியபடி பில் 118க்கான தொகையை டிசம்பர் 4 அன்று தருவதாகச் சொன்னீர்கள்" என்று ஒரு செய்தி அனுப்பி, அவரிடமிருந்து "சரி" என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செய்த வேலைக்கான கட்டணத்தை வழக்குப் போட்டு வாங்க மூன்று ஆண்டுதான் காலவரம்பு. கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் ஏதாவது இருந்தால் அது பின்னால் உதவும்.

சட்ட வரிகள் ஜனவரியில், லெட்டர்ஹெட்டில் போகும் மூன்றாவது கடிதத்தில்தான் வரும், அதுவும் அந்த நான்கைந்து பேருக்கு மட்டும். அங்கேயும் மிரட்டல் தொனி வேண்டாம், அவர் ஆடிட்டராக அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறோம், அவ்வளவுதான். எங்கள் அலுவலகம் உத்யம் பதிவு பெற்ற குறு நிறுவனம். குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுக்க வேண்டும். தவறினால், வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று 2023-24 நிதியாண்டு முதல் வந்த விதிப்படி, அந்தச் செலவைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்க முடியும். 2024 தொடக்கத்தில் ஜவுளிக்காரர்கள் எல்லாரும் துணி வாங்கிய பில்களுக்காக இதைப் பற்றி எங்களிடம் ஓயாமல் கேட்டார்கள், எங்கள் பில்லும் அதில் சேரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. இவர் மாதிரி ஒருவர் மார்ச் 31க்குள் கொடுக்காவிட்டால், 30 சதவீத வரி கட்டுகிறவராக இருந்தால் 40,000க்கு 12,000 ரூபாய் வரி அந்த ஆண்டில் கூடும். இன்னொன்று, பில் தேதியிலிருந்து 180 நாளில் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த 7,200 ஜிஎஸ்டி வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். அக்டோபர் 8 பில்லுக்கு அது ஏப்ரல் 6. பணம் கொடுத்த பிறகு அந்த வரவை மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் அதே கடிதத்தில் எழுத வேண்டும், பாதி உண்மையை எழுதினால் அது மிரட்டல்தான்.

இந்த வரிகளை எல்லாருக்கும் அனுப்பக் கூடாது. 44ஏடியில் உத்தேச லாபம் காட்டுகிறவருக்கு 43பி(எச்) பொருந்தாது, விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறவருக்கு ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவே கிடையாது. பொருந்தாத சட்டத்தை அவர் ஆடிட்டரே எழுதினால், அவர் வேறு ஆடிட்டரிடம் காட்டிக் கேட்பார், நம் மரியாதை அன்றோடு போகும். தாமதத்துக்கு மாதக் கூட்டுவட்டி கேட்கவும் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம் இடம் தருகிறது. அதை நாங்கள் எழுதுவதில்லை. நாற்பதாயிரம் தராதவர் வட்டியோடு தரப்போவதில்லை, தருகிற மனம் இருந்தவரும் முகம் திருப்பிக்கொள்வார்.

பாக்கி வைத்துவிட்டு வேறு ஆடிட்டரிடம் போகிறவர்கள் விஷயத்தில் ஒரு விதி இளம் ஆடிட்டர்கள் பலருக்குத் தெரிவதில்லை. முந்தைய ஆடிட்டரின் தகராறில்லாத தணிக்கைக் கட்டணம் பாக்கி இருக்கும்போது புது ஆடிட்டர் அந்தத் தணிக்கையை ஏற்கக் கூடாது என்று இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் 2008ஆம் ஆண்டு வழிகாட்டு விதிகள் சொல்கின்றன. பார்ட்டியும் ஆடிட்டரும் கையெழுத்திட்ட கணக்கில் அந்தக் கட்டணம் செலவாக எழுதப்பட்டிருந்தால் அது தகராறில்லாதது என்று கொள்ளப்படும். அதனால் கணக்கு முடிக்கும்போதே தணிக்கைக் கட்டணத்தை அந்த ஆண்டில் கொடுக்க வேண்டியதாக எழுதி வைப்பது நல்லது. ஆனால் இது தணிக்கைக்குத்தான் உதவும், வெறும் கணக்குத் தாக்கலுக்கோ ஜிஎஸ்டி வேலைக்கோ உதவாது. பாக்கிக்காக அவர் கணக்குப் புத்தகத்தையோ போர்ட்டல் பாஸ்வேர்டையோ பிடித்து வைப்பதை நாங்கள் செய்வதில்லை. அந்தச் சண்டையில் ஜெயித்தாலும் ஃபீஸ் வராது.

இப்போது ஏப்ரலில் வேலை ஏற்புக் கடிதம் போடும்போதே கட்டணம், எந்த வேலை அதில் அடங்கும், நோட்டீஸ் பதிலுக்குத் தனிக் கட்டணம், பில் தேதியிலிருந்து 45 நாள், டிடிஎஸ் பிடிக்க வேண்டிய பார்ட்டியா என்ற ஐந்தையும் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். தணிக்கைப் பார்ட்டிகளிடம் கணக்குப் புத்தகம் வரும் நாளில் கட்டணத்தில் பாதி முன்பணம். அதற்கும் ஜிஎஸ்டி உண்டு, ஆனால் அது வந்த பணத்திலிருந்து கட்டுவது. விளக்குத்தூண் பார்ட்டி அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பில் தேதியைத் தீபாவளிக்குப் பிறகு வைக்க முடியுமா என்று கேட்டார். வேலை முடிந்த 30 நாளுக்குள் என்ற விதி இருப்பதால் உறுதி சொல்ல முடியாது, தீபாவளி எந்தத் தேதியில் விழுகிறதோ அதைப் பார்த்துக் கெடுவை வைத்துக்கொள்வோம் என்றோம்.